சிக்குன்குனியா காய்ச்சல் போய் மாதங்கள் ஆகியும் மூட்டு வீங்குகிறதே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சல் நாலே நாளில் விட்டுவிட்டது. மூணு மாசம் தாண்டியும் காலையில் கையை மடக்க முடியவில்லை. இது இன்னும் அதே சிக்குன்குனியாதானா?

பெரும்பாலும் அதன் தொடர்ச்சிதான், ஆனால் அதே கட்டம் இல்லை. முதல் மூன்று வாரத்தைத் தீவிர கட்டம் என்கிறோம். மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இடைக்கட்டம். மூன்று மாதம் தாண்டியும் மூட்டுத் தொல்லை இருந்தால் அது நாள்பட்ட கட்டம். மருத்துவம் கட்டத்துக்குக் கட்டம் மாறுவதால்தான் இந்தப் பிரிவினை. காய்ச்சல் நேரத்தில் பாராசிட்டமாலும் ஓய்வும் போதும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை மற்ற வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது, ஏனென்றால் ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. ஸ்டீராய்டும் அப்போது வேண்டாம். நாள்பட்ட கட்டத்தில் நிலைமை வேறு. பாராசிட்டமாலை மட்டும் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தால் வலி கொஞ்சம் மட்டுப்படலாம், உள்ளே இருக்கும் அழற்சி அப்படியே இருக்கும்.

எல்லோருக்கும் இப்படி நீடிப்பதில்லை. 45 வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், முதல் வாரத்திலேயே மிகக் கடுமையான வலியும் பல மூட்டுகளில் வீக்கமும் இருந்தவர்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானமோ வேறு மூட்டு நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

அப்படியென்றால் வைரஸ் இன்னும் உடம்புக்குள் உயிரோடு இருக்கிறதா?

ரத்தத்தில் இருக்காது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அங்கிருந்து நீங்கிவிடும். அதனால்தான் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு முதல் வாரத்தோடு மதிப்பு போய்விடுகிறது. மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதில் மட்டும் இன்னும் வாதம் இருக்கிறது. நாள்பட்ட நோயாளி ஒருவரின் மூட்டுச் சவ்வில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் கிடைத்ததாக ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் பலரின் மூட்டு நீரை எடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில் வைரஸ் அகப்படவில்லை. எது எப்படியானாலும், இந்தக் கட்டத்தில் மூட்டை வீங்க வைப்பது நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்கள் அடங்காமல் தொடரும் வேலைதான். அதனால் வைரஸைக் கொல்லும் மருந்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்களிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றுமோ என்ற பயமும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

எந்தெந்த மூட்டில் வரும்? எனக்கு மணிக்கட்டும் கணுக்காலும்தான், முட்டி நன்றாக இருக்கிறது.

உடம்பின் ஓரத்தில் இருக்கும் மூட்டுகள்தான் முதலில் மாட்டும்: விரல்கள், மணிக்கட்டு, கணுக்கால், பாதம். அதற்கடுத்து முட்டி, தோள். இடுப்பும் முதுகெலும்பும் குறைவு. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். இடது மணிக்கட்டு வீங்கினால் வலதும் வீங்கும்.

இரண்டு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். முதலாவது, பழைய காயம். பல வருஷத்துக்கு முன் எலும்பு முறிந்து சரியான கணுக்காலோ, விளையாட்டில் அடிபட்ட முட்டியோ இருந்தால், அது மற்றதைவிட அதிகமாகவும் நீண்ட நாளும் வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருக்கிறதே என்று குழம்பும்போது இதைக் கேட்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். இரண்டாவது, மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள். நாண்கள் வழுக்கிச் செல்வதற்கென்று ஓர் உறை இருக்கிறது. சிக்குன்குனியாவில் அந்த உறையும் அழற்சியடைந்து தடிக்கும். கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு கொழுக்கட்டை போல வீங்கியிருந்தால் அது மூட்டு இல்லை, நாண் உறை. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவது போல் வலிப்பது பாதத்தின் அடிச்சவ்வு. எக்ஸ்ரேயில் இவை எதுவும் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நன்றாகத் தெரியும்.

வலி ஒரே சீராகவும் இருக்காது. பத்து நாள் நன்றாக இருந்துவிட்டு, திடீரென்று ஒரு காலை மறுபடி பிடித்துக்கொள்ளும். இது நோய் புதிதாகத் தொற்றியதற்கு அடையாளமில்லை. ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் நெடுங்காலம் நிற்கும்.

எனக்கு வலி மட்டும்தான், வீக்கம் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்தையே நானும் சாப்பிடலாமா?

கூடாது. நாள்பட்ட கட்டத்தில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வியே இதுதான்: மூட்டுக்குள் அழற்சி இருக்கிறதா, அல்லது அழற்சி ஓய்ந்து வலி மட்டும் மிச்சமா? இரண்டுக்கும் மருந்து வேறு.

அழற்சி வலி ஓய்வில் கூடும், நடமாட்டத்தில் குறையும். காலையில் விறைப்பு அரைமணி, ஒருமணி நேரம் நீடிக்கும். நடுராத்திரியில் எழுப்பிவிடும். தொட்டால் மூட்டு பிசைந்த மாவு போல் மெத்தென்றிருக்கும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தில், கை குலுக்குவது போல இரு பக்கமும் பிடித்து அழுத்தினால் துடிக்க வைக்கும். மற்ற வகை வலி இதற்கு நேர் எதிர். வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் தணியும், விறைப்பு சில நிமிஷத்தில் விட்டுவிடும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆரும் சிஆர்பியும் சாதாரணமாக இருக்கும். பழைய தேய்மானம் கிளறப்பட்டது, மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்ததால் தசை நலிந்தது, தூக்கம் கெட்டு உடம்பு முழுக்க வலி பரவியது எல்லாம் இந்தப் பக்கம் சேரும். இவர்களுக்கு நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் பலன் இருக்காது, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம்.

டாக்டர் ஏதோ ஸ்கோர் போட்டுப் பார்த்துவிட்டு இது முடக்குவாதம் என்கிறார். காய்ச்சலுக்கு முன் எனக்கு ஒன்றுமே இல்லையே?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகமாகத் தவறு நடக்கிறது.

முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று வகைப்படுத்த 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டன. மொத்தம் 10. அதில் 6 வந்தால் முடக்குவாதம். எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அடிக்கடி வருபவர்களின் மாதிரியாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 52, தையல் வேலை செய்பவர். காய்ச்சல் வந்து நாலு மாதம். இரண்டு மணிக்கட்டு, இரு கைகளிலும் சேர்த்து ஆறு விரலடி மூட்டுகள், விரல்களின் நடுக்கணு மூட்டுகள் நான்கு, பல வருஷத்துக்கு முன் முறிந்த வலது கணுக்கால் ஆகியவை வீங்கியிருக்கின்றன. கூட்டினால் 13. காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல். சிஆர்பி 14, இருக்க வேண்டியது 5-க்குக் கீழ். முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனைகளான ஆர்ஏ ஃபேக்டர், ஆன்ட்டி-சிசிபி இரண்டும் நெகட்டிவ்.

இப்போது கணக்கைப் போடுவோம். பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள், அவற்றில் சிறு மூட்டும் உண்டு என்பதால் 5. ஆர்ஏ ஃபேக்டரும் சிசிபியும் இல்லாததால் 0. சிஆர்பி கூடியிருப்பதற்கு 1. ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பதற்கு 1. ஆக 7. முடக்குவாதத்தின் ரத்த அடையாளம் ஒன்றுகூட இல்லாமலேயே எல்லையைத் தாண்டிவிட்டார். சிஆர்பி சரியாக இருந்திருந்தால்கூட 6 வந்திருக்கும்.

ஆனால் அந்த மதிப்பெண் முறைக்கு ஒரு வாசல் இருக்கிறது: வீக்கத்துக்கு வேறு நோய் இன்னும் பொருத்தமான காரணமாக இருந்தால் கணக்கையே தொடங்கக் கூடாது. இவருக்கு அந்தக் காரணம் கையிலேயே இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய எட்டாம் நாள் எடுத்த சிக்குன்குனியா ஐஜிஎம் எதிர்ப்பொருள் பரிசோதனை பாசிட்டிவ். வலி எந்தத் தேதியில், எந்தப் பொழுதில் ஆரம்பித்தது என்று அவரால் சொல்ல முடிகிறது. முடக்குவாதம் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. ஒரு விரல், பிறகு இன்னொன்று என்று வாரக்கணக்கில் ஊர்ந்து வரும், "எப்போ ஆரம்பிச்சது?" என்றால் யோசிப்பார்கள்.

சரி, அப்படியானால் டாக்டர் சொன்னது தப்பா? முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆன்ட்டி-சிசிபி நல்ல அளவில் பாசிட்டிவாக இருந்தாலோ, கை அல்லது பாத எக்ஸ்ரேயில் எலும்பு ஓரம் அரித்திருந்தாலோ, காய்ச்சலுக்கு முன்பே காலை விறைப்பு இருந்திருந்தாலோ, அது முடக்குவாதம் என்றே வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். ஒளிந்திருந்த முடக்குவாதத்தைக் காய்ச்சல் வெளியே கொண்டுவந்திருக்கலாம். ஆர்ஏ ஃபேக்டர் மட்டும் லேசாகக் கூடியிருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் தொற்று வந்துபோனவர்களுக்கும் அது கூடியிருக்கும்.

பெயரில் இவ்வளவு கவனம் எதற்கென்றால், முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மருந்து. சிக்குன்குனியா மூட்டுநோயில் பலருக்கும் ஒரு காலத்தில் மருந்தை நிறுத்திவிட முடியும்.

ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அப்போ உறுதிதானே?

இல்லை. ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஐந்து வருஷத்துக்கு முன் வந்துபோன தொற்றும் இன்று பாசிட்டிவ் காட்டும். சிக்குன்குனியா பரவிய பகுதியில் இருப்பவர்களில் பலருக்கு அது பாசிட்டிவாகவே இருக்கும், அவர்களுக்கும் முடக்குவாதம் வரும். ஐஜிஎம் பொதுவாகச் சில மாதங்களில் மறையும், அதனால் காய்ச்சலின்போது எடுத்த ஐஜிஎம் அல்லது பிசிஆர் சீட்டுதான் உங்களிடம் உள்ள பெரிய சாட்சி. பத்திரமாக வையுங்கள். அது இல்லாவிட்டால், காய்ச்சலும் மூட்டுவலியும் ஒன்றாக வந்ததா, அதே நேரத்தில் வீட்டில் வேறு யாருக்காவது வந்ததா என்பதை எழுதிக் கொண்டுபோங்கள்.

வேறு எந்த நோயெல்லாம் இதே மாதிரி இருக்கும்?

டெங்குவில் உடம்பு முறிகிற மாதிரி வலிக்கும். ஆனால் மூட்டு வீங்குவதும் மாதக்கணக்கில் தொடர்வதும் அதன் வழக்கமில்லை. பார்வோ வைரஸ் பி19 பெரியவர்களுக்கு அச்சு அசல் இதே மூட்டுகளைப் பிடிக்கும், பெரும்பாலும் சில வாரங்களில் விட்டுவிடும். ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் மூட்டுவலி தரும். அவற்றை எப்படியும் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் மெத்தோட்ரெக்சேட் கொடுக்கும்போது கல்லீரல் நிலை தெரிந்திருக்க வேண்டும். இளம்பெண்ணுக்கு மூட்டுவலியோடு கன்னத்தில் படை, வாய்ப்புண், முடி கொட்டுதல், வெள்ளணு குறைவு, சிறுநீரில் புரதம் இருந்தால் லூபஸை நினைக்க வேண்டும். செதில் படை, நகத்தில் குழி, விரல் முழுக்க வீங்குவது, விரல் நுனிக்கணு பிடிப்பது சொரியாசிஸ் மூட்டுநோயின் குணம். முதுகு வலி விடியற்காலையில் எழுப்பினால் முதுகெலும்பு மூட்டுநோயைத் தேட வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, சுட்டு, அசைக்க முடியாமல், மறுபடி காய்ச்சலும் வந்தால் அது சிக்குன்குனியாவின் மிச்சம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சீழ் பிடித்திருக்கலாம், அன்றே ஊசியால் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். யூரிக் அமில வாதமும் இப்படி வரும், நீரில் படிகம் தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒற்றை மூட்டு மாதக்கணக்கில் மெதுவாக வீங்கி, எடையும் குறைந்தால் காசநோயா என்று பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு போட்டால் இரண்டே நாளில் பறந்துபோகிறது. நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறதே?

நிறுத்திய விதம்தான் பெரும்பாலும் காரணம். வீக்கத்தோடு உள்ள அழற்சிக்கு பிரெட்னிசோலோன் நல்ல மருந்துதான். காலையில் சாப்பாட்டுக்குப் பின் 10 மில்லிகிராம், கடுமையாக இருந்தால் 20 வரை, இரண்டு வாரம் கொடுத்து, அப்புறம் படிப்படியாக இறக்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறுத்துவது என் வழக்கம். ஐந்து நாள் போட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் வலி துள்ளி எழும். அதற்குப் பயந்து மறுபடி ஐந்து நாள், மறுபடி ஐந்து நாள் என்று போகும்போது, கணக்கில் வராத ஸ்டீராய்டு மாதக்கணக்கில் சேர்ந்துவிடும். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் வலி மாத்திரைகளிலும் இது கலந்திருக்கலாம். முகம் உப்பியதா, சர்க்கரை ஏறியதா என்று பாருங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவருக்குத் தொடை இடுக்கில் புதிதாக வலி வந்தால், தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும்.

நம் தையல்காரருக்கு 10 மில்லிகிராமில் தொடங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் நன்றாக இறங்கியது. 5 மில்லிகிராமுக்கு வந்ததும் இரண்டு மணிக்கட்டும் மீண்டும் வீங்கிவிட்டன. ஸ்டீராய்டைக் கூட்டாமல் அடுத்த மருந்தைச் சேர்க்க வேண்டிய இடம் இதுதான்.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்தாமே? எனக்கு எதற்கு?

புற்றுநோய்க்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு பெரிய அளவு. மூட்டுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள், 7.5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி 15 வரை கொண்டுபோவோம். இந்த அளவில் அது நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்கிறது.

சிக்குன்குனியா மூட்டுநோய்க்கு இந்த மருந்துகளைப் பற்றிய பெரிய ஆய்வுகள் குறைவு. இந்தியாவில் செய்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசைன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மூன்றும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மட்டும் சாப்பிட்டவர்களைவிட 24 வாரத்தில் நன்றாகத் தேறினார்கள். யாருக்கு எந்த மருந்து என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே நடந்த சிறிய ஆய்வு அது, அந்தக் குறையையும் சேர்த்தே எடை போட வேண்டும். எனக்கு மூன்றையும் எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் கொடுக்கும் பழக்கம் இல்லை. வீக்கமும் சிஆர்பியும் ஸ்டீராய்டை இறக்க விடாதபோது மெத்தோட்ரெக்சேட், போதாவிட்டால் அடுத்தது.

தொடங்கும் முன் ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், கிரியாட்டினின், ஹெப்படைட்டிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே. தொடங்கிய பின் முதல் சில மாதம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மெத்தோட்ரெக்சேட் இல்லாத ஒரு நாளில் ஃபோலிக் அமிலம். மது கூடாது. கர்ப்பத்தில் அறவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த மருந்தில் உயிரையே பறிக்கக்கூடிய பெரிய தவறு: வார மருந்தைத் தினமும் விழுங்குவது. அதனால் சீட்டில் "வாரம் ஒருமுறை" என்று மட்டும் எழுதாமல், "ஞாயிற்றுக்கிழமை" என்று கிழமையை எழுதச் சொல்லுங்கள். வாய் முழுக்கப் புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு வந்தால் அந்த வார மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போங்கள். சிறுநீர்த் தொற்றுக்கென்று கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை அவர்களிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் சரிந்துவிடும்.

பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரமே கேட்கவில்லை என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் மட்டும் போதாதா? அது லேசான மருந்து என்கிறார்கள்.

லேசான நோய்க்குச் சிலர் கொடுக்கிறார்கள். தனியாக அதன் பலம் குறைவு என்பதே என் அனுபவமும். காய்ச்சல் நேரத்தில் குளோரோகுயின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலன் தெரியவில்லை. எடுப்பதானால் எடைக்குக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நீண்ட நாள் தொடர்ந்தால் விழித்திரைப் பரிசோதனை வேண்டும்.

ராத்திரியில் கட்டை விரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போகிறது. கையை உதறினால் சரியாகிறது. நரம்புத் தளர்ச்சியா?

மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நசுங்குகிறது. நாண் உறைகள் வீங்கி இடத்தை அடைத்துக்கொள்வதால் வருவது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, வீக்கத்துக்கு மருந்து, தேவையானால் அந்த இடத்தில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. பெரும்பாலும் இவ்வளவிலேயே அடங்கும். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து, பொத்தான் போட முடியாமல் போனால் தாமதிக்கக் கூடாது, அறுவை தேவைப்படலாம். வைட்டமின் ஊசிகளால் இது தீராது.

அசைக்காமல் ஓய்வு கொடுப்பதா, பயிற்சி செய்வதா?

சுட்டு வீங்கியிருக்கும் மூட்டுக்கு அந்த ஓரிரு நாள் ஓய்வு. அப்போதும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, வலி தாங்கும் அளவுக்கு முழு வட்டம் அசைத்துவிட வேண்டும். வீக்கம் குறைந்ததும் பிடிமானத்தைத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி, கணுக்கால் நீட்டல், நடை. பயிற்சிக்குப் பின் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடி நின்றால் அளவு அதிகம் என்று பொருள், மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

எப்போதுதான் முழுக்கப் போகும்?

பலருக்கு ஓரிரு ஆண்டில் தணிந்துவிடுகிறது. ரீயூனியன் தீவில் 2005–06 பரவலில் நோய் கண்ட ஒரு குழுவை மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் மூட்டுவலி சொன்னார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு அது விட்டு விட்டு வரும் வலிதான். ஆகவே மாதங்களை எண்ணுவதைவிட வீங்கிய மூட்டுகளை எண்ணுவது மேல்.

தையல்காரரின் கணக்கில் அது இப்படி நகரும். மெத்தோட்ரெக்சேட் 15-ஐ எட்டிய பன்னிரண்டாவது வாரம், 13-ல் இரண்டு மட்டும் மிச்சம்: வலது மணிக்கட்டும் பழைய முறிவுள்ள அந்தக் கணுக்காலும். சிஆர்பி 4. ஸ்டீராய்டு நின்றுவிட்டது. வீக்கமே இல்லாமல் ஆறு மாதம் கடந்த பின், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2.5 மில்லிகிராம் வீதம் குறைக்கிறோம். குறைக்கும்போது மணிக்கட்டு மறுபடி தலைகாட்டினால் முந்தைய படிக்குத் திரும்பி மூன்று மாதம் நிற்போம். ஒரு வருஷம் முடிந்ததும் கை, பாத எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அரிப்பு புதிதாகத் தெரிந்தாலோ, குறைக்கக் குறைக்க ஒவ்வொரு முறையும் வீங்கினாலோ, ஆன்ட்டி-சிசிபியை மீண்டும் பார்த்து, இதற்கு வைத்த பெயரே சரிதானா என்று முதலிலிருந்து கேட்போம்.